பல்லாங்குழியில் முதல் ஆட்டத்தை எந்தக் குழியிலிருந்து தொடங்குவது நல்லது?

வளவனூர் வாசுகி:

விடுமுறையில் அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய பல்லாங்குழிப் பலகையை இறக்கி, மகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் ஆட்டத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரு முழுப் பிற்பகல் வாக்குவாதம் நடந்துவிட்டது. நடுக்குழிதான் ராசி என்கிறார் அம்மா. ஓரக்குழியை விட்டால் ஆட்டமே போயிற்று என்கிறார் சித்தி. இருவரும் காரணம் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஏழு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். தம் வரிசை முடிந்ததும் எதிராளியின் வரிசைக்குள் திரும்பிவிடும். கைமுத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். அதுவும் வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடையாது. எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. யார் இட்டதால் சேர்ந்தாலும், குழி யார் பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கே அந்த நான்கும் சேரும்.

இந்த விதிகளின்படி தொடங்குவதற்கு ஏற்ற குழி எது என்று யாராவது காரணத்தோடு சொல்ல முடியுமா?

பாளை கோமதி:

இதில் யோசிக்கவே தேவையில்லை, உங்கள் வலக்கோடிக் குழியிலிருந்து எடுங்கள். அங்கிருந்து எடுத்தால் ஐந்து முத்தும் எதிராளியின் வரிசையில்தான் விழும், ஓட்டம் அங்கேயே சுழலும், கடைசியில் துடைத்து எடுப்பதும் அவர்களுடைய குழியாகவே இருக்கும். நடுக்குழியிலிருந்து எடுத்தால் நம் முத்தை நாமே எடுத்த கதையாகலாம். நான் பள்ளி நாள்களிலிருந்து இப்படித்தான் ஆடுகிறேன், முதல் கையில் ஏழு முத்துக்குக் குறைந்ததே இல்லை.

ஏட்டுக்கணக்கர்:

கோமதி அவர்கள் சொன்ன ஏழு என்ற எண்ணிக்கை சரி. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் சரியில்லை. வலக்கோடியிலிருந்து எடுத்தாலும் ஏழுதான், இடக்கோடியிலிருந்து எடுத்தாலும் ஏழுதான், நடுவிலிருந்து எடுத்தாலும் ஏழுதான்.

பலகையை இரண்டு வரிசையாகப் பார்ப்பதால்தான் இது கண்ணுக்குப் படுவதில்லை. முத்து போகும் வழியைப் பார்த்தால் அது பதினான்கு குழிகள் கொண்ட ஒரு வட்டம். தொடக்கத்தில் அந்த வட்டத்தின் எல்லாக் குழிகளிலும் ஐந்தே இருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினாலும் அதே ஓட்டம் இடம் மாறி நடக்கும், அவ்வளவே. வளையலை எந்த இடத்தில் பிடித்துச் சுழற்றினாலும் வளையல் ஒன்றுதானே.

ஓட்டத்தை ஒரு முறை எழுதிக் காட்டுகிறேன். தொடங்குபவரின் குழிகளை இடமிருந்து வலமாகக் கீழ் 1 முதல் கீழ் 7 வரை என்று வைத்துக்கொள்வோம். எதிராளியின் குழிகளை அவருடைய இடமிருந்து வலமாக மேல் 1 முதல் மேல் 7 வரை என்போம். அப்படியானால் கீழ் 7-க்கு அடுத்து மேல் 1 வரும், மேல் 7-க்கு அடுத்து கீழ் 1 வரும்.

கீழ் 3-இலிருந்து ஐந்தை எடுத்தால் கீழ் 4 முதல் மேல் 1 வரை விழும். அடுத்த குழி மேல் 2. அதன் ஐந்து, மேல் 3 முதல் மேல் 7 வரை விழும். அடுத்து கீழ் 1-இன் ஐந்து, கீழ் 2 முதல் கீழ் 6 வரை. அடுத்து நிற்பது கீழ் 7. அதில் இப்போது ஆறு உண்டு. அவை மேல் 1 முதல் மேல் 6 வரை விழும். பிறகு மேல் 7-இன் ஆறு, கீழ் 1 முதல் கீழ் 6 வரை. இப்போது அடுத்த குழியான கீழ் 7 வெறுமையாக இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு மேல் 1-இல் உள்ள ஏழை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து முறை அள்ளியதில் ஏழு முத்து, வழியில் ஒரு பசுவும் இல்லை.

துடைத்து எடுக்கும் குழி எப்போதும் தொடங்கிய குழியிலிருந்து ஐந்தாவது குழியாகவே அமையும். வலக்கோடியில் தொடங்கினால் அது எதிராளியின் பக்கம், இடக்கோடியில் தொடங்கினால் உங்கள் பக்கம். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் கைக்கு வருவது ஏழுதான்.

கிள்ளான் கதிரவன்:

நான் மலேசியாவில் இருக்கிறேன். இங்கே இதைச் சொங்காக் என்பார்கள். நீங்கள் எழுதியபடி ஆடிப் பார்த்தேன், எனக்கு ஏழு வரவில்லை. கைமுத்து தீர்ந்த இடத்தில் ஏற்கெனவே முத்து இருந்தால் அந்தக் குழியைத்தானே அள்ள வேண்டும்? மேலும் ஒவ்வொரு சுற்றிலும் நம் வீட்டுக் குழியில் ஒன்று போட வேண்டுமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

ஏட்டுக்கணக்கர்:

கதிரவன், நீங்கள் ஆடுவது உறவுமுறை ஆட்டம், ஆனால் வேறு ஆட்டம். சொங்காக்கில் இரு கோடிகளிலும் வீடு என்று பெரிய குழி உண்டு, கடைசி முத்து விழுந்த குழியையே அள்ளித் தொடர்வார்கள். பல்லாங்குழியில் வீடு கிடையாது, விழுந்த குழிக்கு அடுத்த குழியைத்தான் அள்ள வேண்டும். இந்த ஒரு குழி வேறுபாடு ஓட்டத்தை முழுவதுமாக மாற்றிவிடும் என்பதால் இங்குள்ள கணக்கு எதுவும் உங்கள் பலகைக்குப் பொருந்தாது.

வளவனூர் வாசுகி:

ஐயா, நேற்றிரவு மகளோடு உட்கார்ந்து ஏழு குழிகளிலும் தொடங்கிப் பார்த்தேன். ஆறு முறை ஏழு வந்தது, ஒரு முறை மட்டும் மூன்று அள்ளலிலேயே தடம் தவறிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, தொடங்கிய குழி வெறுமையாக இருக்கிறதென்று அதில் முத்து இடாமல் மகள் தாண்டிப் போயிருக்கிறாள். தொடங்கிய குழியிலும் இட வேண்டும் என்று சொன்ன பிறகு அதுவும் ஏழாகிவிட்டது.

எல்லாம் ஒன்றே என்றால், எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கே பொருளில்லையா?

ஏட்டுக்கணக்கர்:

பொருள் உண்டு. எடுக்கும் எண்ணிக்கைதான் ஒன்று. நீங்கள் விட்டுச்செல்லும் பலகையில் எந்தக் குழி எதிராளியின் பக்கம் விழுகிறது என்பது மாறும். அடுத்து ஆடப்போகிறவருக்குத் தம் பக்கத்துக் குழிகளை மட்டுமே அள்ள உரிமை உண்டல்லவா?

கீழ் 3-இல் தொடங்கிய ஆட்டம் முடிந்ததும் பலகை இப்படி இருக்கும். மேல் வரிசையை மேல் 7-இலிருந்து மேல் 1 வரை எழுதியிருக்கிறேன், நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் விதத்திலேயே.

மேல்: 0, 7, 7, 7, 7, 1, 0
கீழ்: 1, 7, 2, 8, 8, 8, 0

இரண்டு குழிகளில் ஒற்றை முத்து நிற்பதைக் கவனியுங்கள். தொடங்கிய குழியிலிருந்து ஆறாவது குழியில் ஒன்று, பன்னிரண்டாவது குழியில் ஒன்று. முதல் ஆட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு ஒற்றைகளில்தான் இருக்கிறது. ஏழும் எட்டும் உள்ள குழிகள் பெரிதாகத் தோன்றினாலும் அவற்றை அள்ளினால் எதிராளிக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. இங்கே மேல் 6-ஐ அள்ளினால் ஏழு முத்தையும் இட்டு முடித்து இரண்டு வெறுங்குழிகளின் முன் வந்து நிற்பார், கையில் ஒன்றும் வராது. மேல் 5-ஐ அள்ளினாலும் அவருக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கு ஒரு பசு கிடைக்கும். மேல் 3-ஐயோ மேல் 4-ஐயோ அள்ளினால் அவருக்கு மூன்றோ ஒன்றோ வரும், உங்களுக்கு இரண்டு பசு வந்துவிடும்.

ஆறாம் ஒற்றையை எடுத்தால் கதை வேறு. மேல் 2-இன் ஒரு முத்தை மேல் 3-இல் இட்டதும் அடுத்து மேல் 4-இன் ஏழு கைக்கு வருகிறது. அங்கிருந்து கீழ் 5-இன் எட்டு, பிறகு மேல் 7-இன் ஒன்று, அதன்பின் கீழ் 2-இன் எட்டு என்று ஓட்டம் நீள்கிறது. இந்த எட்டில் முதல் முத்து விழுந்ததும் கீழ் 3-இல் நான்கு சேர்ந்து பசுவாகிறது. பிறகு மேல் 4-இன் ஒன்று, மேல் 6-இன் ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டாவது முத்து கீழ் 1-ஐப் பசுவாக்குகிறது. அடுத்து மேல் 2-இன் இரண்டு, கடைசியாக மேல் 5-இன் பத்து. அந்தப் பத்தின் கடைசி இரண்டு முத்துகள் கீழ் 7-லும் மேல் 1-லும் பசு சேர்க்கின்றன. மேல் 2 வெறுமை. துடைத்துவிட்டு மேல் 3-இல் இருந்து பதினொன்றை எடுக்கிறார்.

ஒன்பது அள்ளல், பதினொரு முத்து, நான்கு பசு. அந்த நான்கில் மூன்று உங்கள் குழிகளில் சேர்ந்தவை. ஆகவே அவருக்கு 11-உம் 4-உம் சேர்ந்து 15, உங்களுக்கு முதலில் வந்த 7-உம் இந்தப் பசுக்களின் 12-உம் சேர்ந்து 19. எதிராளி தம்மால் இயன்ற மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடிய பிறகும் நீங்கள் நான்கு முத்து முன்னால் இருக்கிறீர்கள்.

இதையே கீழ் 4-இல் தொடங்கினால் என்ன ஆகும்? ஓட்டம் ஒரு குழி வலப்பக்கம் தள்ளிப்போகும். கடைசி இரண்டு பசுவும் எதிராளியின் பக்கம் விழுந்துவிடும். அவருக்கு 19, உங்களுக்கு 15. கீழ் 5, 6, 7 மூன்றிலும் இதே கணக்குத்தான். கோமதி அவர்களின் வலக்கோடிக்கும் வாசுகி அவர்களின் தாயார் சொன்ன நடுக்குழிக்கும் எதிராளி ஒற்றையைக் கண்டுகொண்டால் இதுதான் விளைவு.

கீழ் 1-இல் தொடங்கினால் ஆறாம் ஒற்றை உங்கள் கீழ் 7-லேயே விழும், எதிராளியால் அதைத் தொட முடியாது. ஆனால் பன்னிரண்டாம் ஒற்றை அவருடைய மேல் 6-இல் போய் நிற்கும். அதை எடுத்தால் மூன்றே அள்ளலில் எட்டு முத்து, உங்களுக்குப் பசு எதுவும் கிடைக்காது. உங்களுக்கு 7, அவருக்கு 8. கீழ் 2-இல் தொடங்கினால் இரண்டு ஒற்றைகளுமே அவர் பக்கம் போய்விடும். அங்கும் அவருக்குச் சிறந்தது இந்த எட்டுதான்.

ஆகவே வாசுகி அவர்களின் வீட்டு விதிப்படி எனக்குப் படுவது கீழ் 3. இடமிருந்து மூன்றாவது குழி.

பாளை கோமதி:

நான் சொன்னதில் பாதியாவது சரியென்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஆனாலும் ஓர் ஐயம். நீங்கள் பார்த்தது என் ஒரு கை, எதிராளியின் ஒரு கை, அவ்வளவுதான். அதற்கு அடுத்த கையில் நான்கு முத்து முன்னிலை என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அத்தோடு, வலக்கோடியில் தொடங்கியே பல ஆண்டுகளாக நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேனே!

ஏட்டுக்கணக்கர்:

நியாயமான ஐயம். அடுத்த கையை மட்டும் பார்த்துச் சொல்கிறேன், அதற்கு மேல் கையால் எழுதிப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. கீழ் 3 தொடக்கத்துக்கும் மேல் 2 பதிலுக்கும் பிறகு பலகை இப்படி:

மேல்: 2, 1, 0, 1, 0, 0, 0
கீழ்: 1, 2, 2, 12, 3, 12, 0

பலகையில் எஞ்சிய 36-இல் 32 உங்கள் வரிசையில் இருக்கின்றன. இங்கே கீழ் 6-இன் பன்னிரண்டை அள்ளினால் ஓட்டம் நீண்டு, கீழ் 1, 2, 3 மூன்றிலும் பசு சேர்ந்து, கடைசியில் துடைத்து ஒரு முத்தும் கிடைக்கும். அதாவது 13. எதிராளிக்கு மேல் 6-இல் ஒரே ஒரு பசு சேரும். உங்களுக்கு 32, அவருக்கு 19 ஆகிவிடும். மாறாக, கீழ் 5-இன் மூன்றையோ கீழ் 2-இன் இரண்டையோ எடுத்தால் ஒன்றுமே கிடைக்காமல் வெறுங்குழிகளில் முட்டி நிற்பீர்கள். முன்னிலை தானாக வளர்வதில்லை. ஆனால் வளர்க்க இடமிருக்கிறது.

நீங்கள் வலக்கோடியில் தொடங்கி ஜெயிப்பதற்கு என் ஊகம்: உங்களோடு ஆடியவர்கள் ஒற்றை முத்தை அற்பமென்று விட்டுவிட்டு ஏழு உள்ள குழியை அள்ளியிருப்பார்கள். அப்படி அள்ளினால் அவர்களுக்கு நட்டந்தான்.

தையல்நாயகி:

இவ்வளவு தூரம் படித்துவிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாயி எண்பது வயது வரை பல்லாங்குழி ஆடியவர். அவர் ஒரு நாளும் இடக்கோடியைத் தவிர வேறு குழியில் முதல் ஆட்டத்தைத் தொடங்கியதில்லை. கேட்டால், தொட்டில் பிள்ளையைத் தாண்டி நடக்கலாமா, முதல் குழியை விட்டுவிட்டு நடுவில் கைவைக்கலாமா என்பார். உங்கள் கணக்குப்படி அவர் ஒவ்வொரு முறையும் ஒரு முத்து பின்தங்கித் தொடங்கியிருக்கிறார் என்று ஆகிறது. அவரைத் தோற்கடித்தவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஏட்டுக்கணக்கர்:

அம்மா, ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அப்பாயி வீட்டில் பசு யாருக்குச் சேரும்? குழிக்கு உரியவருக்கா, முத்தை இட்டவருக்கா?

தையல்நாயகி:

இட்டவருக்குத்தான். யார் கையால் நான்கு சேர்ந்ததோ அவர் எடுத்துக்கொள்வார். குழிக்கு உரியவருக்குக் கொடுப்பது என்பதை நான் இந்த இழையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்குப் பசு?

ஏட்டுக்கணக்கர்:

அப்படியானால் உங்கள் அப்பாயி ஆடியதுதான் முற்றிலும் சரி. என் விடை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

பசு இட்டவருக்கே என்றால், ஆறாம் ஒற்றையை எடுப்பவருக்குப் பதினொரு முத்தோடு நான்கு பசுவும் சேர்ந்து 27 கிடைத்துவிடும். அது ஆட்டத்தையே முடித்துவைக்கக்கூடிய எண்ணிக்கை. கீழ் 2 முதல் கீழ் 7 வரை எங்கே தொடங்கினாலும் அந்த ஒற்றை எதிராளியின் பக்கந்தான் விழும். அதை நம் வரிசைக்குள் வைத்துக்கொள்ள ஒரே வழி கீழ் 1-இல் தொடங்குவது. அப்போது எதிராளியால் அதிகமாக எடுக்க முடிவது 14: மேல் 7-ஐ அள்ளி, ஒரு பசுவும் துடைத்த பத்தும். 27-க்கும் 14-க்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அப்பாயி ஆடி ஆடியே கண்டுபிடித்திருக்கிறார். தொட்டில் பிள்ளைக் கதை பேரப்பிள்ளைகளுக்காகச் சொன்னதாக இருக்கலாம்.

வாசுகி அவர்களின் சித்தி ஓரக்குழி என்று சொன்னாரே, அவர் புகுந்த வீட்டில் எந்த விதி என்று கேட்டுப் பாருங்கள்.

வளவனூர் வாசுகி:

கேட்டேன். சித்தி புகுந்தது சீர்காழிப் பக்கம். அங்கே இட்டவருக்கே பசுவாம். நாற்பது ஆண்டுகளாக அக்காளும் தங்கையும் வெவ்வேறு விதியில் ஆடிக்கொண்டே ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் சித்தி சொன்ன ஓரம் இடக்கோடியா வலக்கோடியா என்று கேட்டதற்கு, கை போகிற ஓரம் என்கிறார். அதை இனி நான் துருவப் போவதில்லை.

இன்னொரு கேள்வி. முதல் சுற்றில் மகளுக்கு 32, எனக்கு 38. இரண்டாம் சுற்றுக்கு அவளால் ஆறு குழிகளைத்தான் நிரப்ப முடிந்தது. இரண்டு முத்து மிச்சம். ஏழாவது குழியை மூடிவைத்துவிட்டோம், அதில் யாரும் இடுவதில்லை. இந்தச் சுற்றை நான் கீழ் 3-இல் தொடங்கினேன். ஏழு வரும் என்று எதிர்பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் வந்தது. மீண்டும் எங்காவது பிழை செய்துவிட்டேனா?

ஏட்டுக்கணக்கர்:

பிழை இல்லை, ஒன்றுதான் வரும். ஒரு குழியை மூடியதும் வட்டம் பதின்மூன்று குழிகளாகச் சுருங்கிவிட்டது. எல்லாவற்றிலும் ஐந்தே இருப்பதால் இங்கும் எங்கே தொடங்கினாலும் ஒரே ஓட்டந்தான். ஆனால் ஓட்டம் வேறு.

தொடங்கிய குழியின் ஐந்து, அடுத்த ஐந்து குழிகளில். ஆறாவது குழியின் ஐந்து, ஏழு முதல் பதினொன்று வரை. பன்னிரண்டாவது குழியின் ஐந்து, தொடங்கிய குழியில் ஒன்றும் அதையடுத்த நான்கில் ஒவ்வொன்றுமாக. அடுத்து நிற்பது ஐந்தாவது குழி. அதன் ஆறு, ஆறு முதல் பதினொன்று வரை. அடுத்து பன்னிரண்டாவது குழி வெறுமை. அதைத் துடைத்தால் அடுத்தது தொடங்கிய குழியே, அதில் நீங்களே இட்ட ஒற்றை முத்து. அதைத்தான் எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

அடுத்த சுற்றில் இரண்டு குழிகள் மூடப்பட்டால் பன்னிரண்டு குழி வட்டம். அங்கே இரண்டே அள்ளலில், தொடங்கிய குழியின் வெறுமையைத் துடைத்து ஆறு முத்து எடுப்பீர்கள். ஆக, பதினான்கில் ஏழு, பதின்மூன்றில் ஒன்று, பன்னிரண்டில் ஆறு.

பாளை கோமதி:

அப்படியென்றால் ஒரு குழி மூடிய சுற்றில் முதலில் ஆடுவதே நட்டமல்லவா? எங்கள் ஊரில் முந்திய சுற்றில் ஜெயித்தவர்தான் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அதைப் பெருமை என்று இதுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டுக்கணக்கர்:

ஒரு முத்துதான் கைக்கு வருகிறது என்பதாலேயே நட்டம் என்று சொல்லிவிட முடியாது. நான்கு அள்ளலுக்குப் பிறகு விட்டுச்செல்லும் பலகையில் எதிராளிக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதை நான் இன்னும் எழுதிப் பார்க்கவில்லை. மூடிய குழி எதிராளியின் வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். தோற்றவர் தம் ஏழு குழிகளில் எதை வேண்டுமானாலும் மூடலாமா, வலக்கோடியைத்தான் மூட வேண்டுமா என்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வழக்கம்.

தையல்நாயகி:

எங்கள் வீட்டில் கோடிக்குழியைத்தான் மூடுவோம். தோற்றவர்தான் தொடங்குவார். ஜெயித்தவரே மீண்டும் தொடங்குவது எங்கள் அப்பாயிக்கு அறவே பிடிக்காது.

கணக்குக்காரர் ஒன்றை விட்டுவிட்டார். பசு சேர்ந்ததைக் கவனித்துச் சொன்னால்தான் பசு. அந்தக் குழியில் ஐந்தாவது முத்து விழுந்த பிறகு கூவினால் செல்லாது. நீங்கள் எழுதிய ஓட்டத்தில் கடைசியாக இட்ட பத்து முத்தில் அடுத்தடுத்து இரண்டு பசு வருகிறதே, பேசிக்கொண்டே ஆடுகிறவர்கள் அதில் ஒன்றையாவது தவறவிடுவார்கள். அப்படித் தவறவிட்டால் அடுத்த கையின் ஓட்டமும் மாறிப்போகும். அதனால்தான் எங்கள் வீட்டில் சோழியை விட்டுப் புளியங்கொட்டைக்கு மாறவே விடமாட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் கரிய கொட்டை மூன்றா நான்கா என்று தெரியாது. சோழி பளிச்சென்று தெரியும்.

சேந்தன்குடி மாறன்:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் குழிக்கு ஆறு முத்து, மொத்தம் 84. மேலே சொன்ன மூன்றாம் குழிக் கணக்கு எங்களுக்கும் பொருந்துமா? இன்னொன்று, இப்படி முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது முறையா? எங்கள் வீட்டில் குழிக்குள் விரலை விட்டு எண்ணக் கூடாது, கண்ணால் மட்டுமே பார்க்கலாம். எண்ணத் தொடங்கினால் அம்மா பலகையையே மடித்துவிடுவார்.

ஏட்டுக்கணக்கர்:

பொருந்தாது. ஆறு முத்து என்றால் முதல் ஓட்டம் மிகச் சிறியது. தொடங்கிய குழியின் ஆறு, அடுத்த ஆறு குழிகளில் விழும். ஏழாவது குழியின் ஆறு, பதின்மூன்றாவது குழி வரை போகும். அடுத்து தொடங்கிய குழியே வெறுமையாக நிற்கும். அதைத் துடைத்து, அடுத்த குழியின் ஏழை எடுப்பீர்கள். எண்ணிக்கை அதே ஏழு, ஆனால் விட்டுச்செல்லும் பலகையில் ஒற்றை முத்து எங்குமே இல்லை. ஒவ்வொரு குழியிலும் ஏழு அல்லது வெறுமைதான். ஆகவே எந்த ஒற்றையை யார் பக்கம் தள்ளுவது என்ற கேள்வியே அங்கே எழாது. எதிராளியின் பதில் ஓட்டங்களில் ஒன்றை எழுதத் தொடங்கினேன். ஆறாவது அள்ளலைத் தாண்டியும் அது நிற்காமல் போகவே விட்டுவிட்டேன்.

விரலால் எண்ணுவதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஆட்டத்துக்கு எண்ணவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாக் குழியிலும் எத்தனை இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். ஆறாம் குழியில் நிற்கும் ஒற்றை, பலகையை மடிக்கும் அம்மாவின் கண்ணுக்கும் படும்.

சேந்தன்குடி மாறன்:

அம்மாவிடம் இதை இன்றிரவு சொல்லிப் பார்க்கிறேன். ஆறு முத்தில் முதல் ஆட்டம் இரண்டு அள்ளலோடு முடிந்துவிடுவதை அவரும் கவனித்திருக்கிறார். அதனால்தான் முதலில் ஆடுவதற்கு எங்கள் வீட்டில் யாரும் போட்டி போடுவதில்லை.

வளவனூர் வாசுகி:

கீழ் 3-இல் தொடங்கி இன்று மகளோடு மூன்று ஆட்டம் ஆடினேன். முதல் இரண்டிலும் அவள் மேல் 3-இன் ஏழை அள்ளினாள், எனக்கு இரண்டிரண்டு பசு கிடைத்தது. மூன்றாவது ஆட்டத்தில் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேல் 2-இன் ஒற்றையை எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழ் 7-இல் சேர்ந்த பசுவை நான் கவனிக்கும் முன்பே, தன் மேல் 1-இல் சேர்ந்ததைக் கூவி எடுத்துக்கொண்டு, உங்களுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றாள்.